இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர்

புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் டிரைவரம்மா ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவை அடைத்து ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. "மரம் எங்கயும் போகாது டாக்டர். நீங்க மெதுவா வாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அவளுடைய கணவனோடு வேலை செய்யும் போர்மேன்.

"பதறாதீங்க தங்கச்சி. நெட்டைக்குக் கரண்ட் அடிச்சிடுச்சு."

அவளுடைய வலது கால் தன்னால் அழுந்தியது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டி அது. கார் குலுங்கி நின்றது.

"உயிரு?"

"இருக்கு. பேசுறாரு. தண்ணி கேட்டாரு, டாக்டரக் கேக்காம குடுக்க மாட்டோம்னதுக்குத் திட்டுறாரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்."

திட்டுகிறான் என்ற சொல் அவள் வயிற்றில் பால் வார்த்தது. பல் டாக்டரைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு அவளே வண்டியை எடுத்தாள். கூரையில் 'ஓட்டப் பழகுபவர்' என்ற சிவப்பு எழுத்துப் பலகையோடு அந்தக் கார் அன்று போன வேகத்தைப் பார்த்தவர்கள், பலகையை யாரோ வண்டி மாறி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். பல் டாக்டர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "இன்னிக்குத்தான் நிஜமா கத்துக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மின்வாரிய லைன்மேனான அவள் கணவன் ஆறடி இரண்டங்குலம். ஊரே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நெஞ்சில் வட்ட வட்டமாக ஒட்டி ஒயர் மாட்டியிருந்தார்கள். வலது உள்ளங்கையும் இடது முன்கையும் வெள்ளைக் கட்டுக்குள் இருந்தன. முகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மூன்று நாள் தாடியும், புயல் நாளிலிருந்து கழுவாத சேறும் அப்படியே இருந்தன.

"வகுப்பு இல்லையா இன்னிக்கு?" என்றான்.

"மூணு நாளா வீட்டுக்கு வரத் தெரியல, படுக்க மட்டும் நல்ல இடமா பாத்துக்கிட்டீங்க" என்றாள் அவள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவன் நெற்றியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வார்டு டாக்டர் பொறுமையாக விளக்கினாள். கரண்ட் வலது உள்ளங்கையில் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, கம்பத்தின் இரும்புச் சட்டத்தைக் கட்டிப்பிடித்திருந்த இடது கை வழியாக வெளியே போயிருக்கிறது. வெளியே தெரிவது இரண்டு தீக்காயம்தான். ஆனால் இதயத் துடிப்பு பிறகுகூடத் தடுமாறலாம். அதனால் ஒரு நாள் முழுக்க மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தசை கருகியிருந்தால் சிறுநீர் கறுத்துப் போகும், அதையும் பார்க்க வேண்டும். "இதுவரைக்கும் ரெண்டும் சுத்தமா இருக்கு. இவரு பிழைச்சது பெல்ட்டால. விழுந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

நடந்ததை வராந்தாவில் வைத்துப் போர்மேன் சொன்னார். அவர் நெட்டையோடு பதினெட்டு வருடம் கம்பம் ஏறியவர். பேசும்போது கை தானாக முடிச்சுப் போடும்.

இடம் ஒரு பின்சந்து, வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த லைன். மரக்கிளை விழுந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் மூன்று கம்பி அறுந்து கிடந்தது. நியூட்ரல் கம்பி மட்டும் அறுபடவில்லை. சப்-ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்டார்கள். அதாவது, லைனை நிறுத்தியாகிவிட்டது, நீங்கள் முடித்தேன் என்று சொல்லும்வரை போடமாட்டேன் என்று அங்கே இருக்கும் ஆப்பரேட்டர் நம்பர் போட்டு, நேரம் போட்டுக் கொடுக்கும் அனுமதி. அது கிடைத்தது. பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டார்கள். ஃபியூஸ் கட்டைகளை உருவிப் போர்மேன் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். கம்பி செத்துக் கிடந்தது.

"எர்த் பண்ணலையா?" என்றாள். வழிதவறி வரும் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும்படி ராடு மாட்டிக் கம்பியைத் தரையோடு இணைக்கும் வேலை, லைன்மேன் பெண்டாட்டிக்குத் தெரியாததா.

போர்மேன் தரையைப் பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பண்ணோம். அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கமும் பண்ணணும். ஒரு செட் ராடுதான் இருந்துச்சு, இன்னொரு செட்ட அடுத்த கேங்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் நாலே வீடு, ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கு, அங்கேருந்து என்ன வந்துடப்போகுதுன்னு நெனச்சோம்."

வந்தது. நெட்டை கம்பத்தின் மேல் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு, மறுபக்கத்து அறுந்த முனையை இழுத்துப் பிடித்து, கட்டுக்கம்பி முறுக்க வாகாக இல்லை என்று வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். அந்த நேரத்தில் பிடித்தது. ஒரு உறுமல். பிறகு அவன் பெல்ட்டில் துவண்டு தொங்கினான். தொங்கியதில் கம்பி கையிலிருந்து நழுவியது. அதுதான் தெய்வச் செயல்.

"மேல லைன்ல உயிர் இருக்குதுன்னா நான் ஏறினா நானும் சேந்துதான் தொங்குவேன். அதனால ஷார்ட் பண்ற சங்கிலியை எடுத்து, தள்ளி நின்னு அந்தப் பக்கத்துக் கம்பி மேல வீசினேன். நாலு கம்பியும் ஒண்ணாச் சேந்து பட்டுனு பொறி பறந்துச்சு." போர்மேன் நிறுத்தினார். "அதே நொடியில, பக்கத்துல எங்கயோ புடுபுடுன்னு ஓடிக்கிட்டு இருந்த ஜெனரேட்டர் சத்தம் நின்னுபோச்சு."

"யார் வீட்டு ஜெனரேட்டர்?"

அவர் பையிலிருந்த ஃபியூஸ் கட்டைகளை எண்ண ஆரம்பித்தார். அந்தப் பின்சந்து டிரைவரம்மாவுக்குத் தெரியும். அந்த நாலு வீட்டில் கடைசி வீடு அவள் தம்பியுடையது.

தம்பி முட்டைக்காரன். நாட்டுக்கோழி முட்டைகளை வாங்கி, அலமாரி மாதிரி ஒரு பெட்டிக்குள் சூடு வைத்துக் குஞ்சு பொரித்து விற்பவன். பெட்டிக்கு இருபத்தொரு நாளும் ஒரே சூடு வேண்டும். இருநூற்று நாற்பது முட்டை பதினைந்தாம் நாளில் இருக்கும்போது புயல் வந்தது. அவன் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்ததை முந்தாநாள் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான். எப்படி மாட்டினாய் என்று அவள் கேட்கவில்லை.

மதியம் உதவிப் பொறியாளர் வந்தார். பிரிவு அலுவலகத்தின் தலைவர். வாரத்தில் ஐந்து நாள் சிரித்த முகமாக இருப்பவர், அன்று தூங்காத கண்ணோடு ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நெட்டை கண் திறந்து பேசுவதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"விபத்து அறிக்கை இருபத்துநாலு மணி நேரத்துல மின் ஆய்வாளருக்குப் போகணும். அடிபட்டவர் வாக்குமூலம் வேணும். கை இப்படி இருக்கு. நீங்க சொல்லச் சொல்ல அம்மா எழுதட்டும், பெருவிரல் ரேகை வெச்சுக்கலாம், சாட்சி நான் போடுறேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். லைன் கிளியர் குடுத்த லைன்ல கரண்ட் வந்திருக்குன்னு மேல கேள்விப்பட்டதும், விசாரணை முடியறவரைக்கும் ஆப்பரேட்டர டியூட்டிலேருந்து எடுத்துட்டாங்க. ரெண்டு நாளா வீட்டுக்குப் போகாம உக்காந்திருந்த பொண்ணு. லாக் புக்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வேற காரணம் கெடைக்கிறவரைக்கும் அந்தப் பொண்ணு பேருதான் நிக்கும்."

அவர் டீ குடிக்கப் போனதும் போர்மேன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"நான் சத்தம் கேட்டேன். எந்த வீடுன்னு பாக்கல. அப்படித்தான் எழுதிக் குடுக்கப்போறேன்" என்றார். "நாலு வீட்டுல ஏதோ ஒண்ணு. அவங்களே கண்டுபிடிச்சுக்கட்டும். உங்க குடும்பத்துக்குள்ள நான் சண்டைய மூட்டமாட்டேன்."

அவர் போன பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கும் தெரியும்ல?"

"மேலேருந்து பாத்தா எல்லா வீட்டுக் கொல்லையும் தெரியும்" என்றான். "புகை வந்தது உன் தம்பி கொல்லையிலேருந்து. அது தெரிஞ்ச நேரத்துலதான் கரண்டும் வந்துச்சு."

"அப்ப சொல்லுங்க. எழுதுறேன்."

"நீ கூடப்பொறந்தவ. நான் சொல்லிட்டு, பின்னாடி ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் உன் மூஞ்சிய யார் பாக்குறது? எனக்குக் கையிதான் போச்சு, அதுவும் வந்துடும்ங்கறாங்க. நீ என்ன எழுதினாலும் ரேகை வெக்கிறேன்."

"ரொம்ப நல்லவரு. பழிய என் தலையில வெச்சுட்டுத் தூங்கப்போறீங்க."

அவன் நிஜமாகவே தூங்கிப்போனான். மருந்து அப்படி.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபைலின் மேல் தாளை வைத்துக்கொண்டு யோசித்தாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவன். ஆனால் முகம் தெரியாத அந்த ஆப்பரேட்டர் பெண்ணும் யாருக்காவது அக்காவோ தங்கையோதானே. தன்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவள் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: இடிச்சிட்டா முதல்ல இறங்கிப் பாருங்க, ஓடாதீங்க. எழுத ஆரம்பித்தாள்.

லைன் கிளியர் வாங்கிய நேரம், நம்பர், பூட்டிய சுவிட்ச், உருவிய ஃபியூஸ் எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு, "அறுந்த இடத்தின் மறுபக்கத்தை நாங்கள் எர்த் செய்யவில்லை. நான் வலது கையுறையைக் கழற்றியிருந்தேன்" என்று எழுதினாள். கடைசியாக, "மறுபக்கத்தில் உள்ள நான்காவது வீட்டில், என் மனைவியின் தம்பி இயக்கிய ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வந்தது" என்று எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

கணவன் விழித்ததும் படித்துக் காட்டினாள். அவன் கையுறை இடத்தில் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"அது வேணுமா?"

"தம்பியக் காட்டிக்குடுத்தவ புருஷன விட்டுவெப்பனா?"

அவன் சிரிக்க, நெஞ்சில் மாட்டியிருந்த மெஷின் கீச்சிட்டது. நர்ஸ் ஓடிவந்து இருவரையும் முறைத்தாள்.

அவன் ரேகை வைத்த தாளை மறுநாள் காலையில்தான் கொடுக்க வேண்டும். அவள் அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கூடத்தில் நாலு கம்பளியைப் பெட்டியின் மேல் போர்த்தி, சுற்றிலும் வெந்நீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வா அக்கா. காலையில பெட்ரோல் வாங்கிட்டு வந்து போட்டேன், பத்து நிமிஷம்கூட ஓடல, டப்புனு நின்னுபோச்சு. மெக்கானிக் கடையில போட்டு வந்திருக்கேன். மாமா எங்க, இன்னும் கம்பத்துலதானா?"

அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வாசல் வழியாக வந்தவன், வாசல் வழியாக மெக்கானிக்கிடம் போனவன். பின்சந்தில் கூடிய கூட்டத்தை அவன் பார்க்கவே இல்லை.

"ஜெனரேட்டர எதுல மாட்டின?"

அவன் ஆணியில் தொங்கிய ஒயரை எடுத்துக் காட்டினான். இரண்டு முனையிலும் மூன்று கால் பின். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை அடுப்படி பிளக் பாயின்டில். "ஒரு பின்ன இங்க சொருகினா வீடு முழுக்க வந்துடும். ஈசி."

"மெயின் சுவிட்ச அணைச்சியா?"

"அது எதுக்கு? கரண்டுதான் இல்லையே."

"நீ போட்ட கரண்டு வீட்டோட நிக்காதுடா. மீட்டர் வழியா வெளிய போய்க் கம்பி வரைக்கும் ஏறும். கம்பியில உன் மாமா இருந்தாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எழுதிய தாளையும் படித்துக் காட்டினாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த ஒயரை மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அவள் அவனைத் திட்டவேண்டும் என்றுதான் வந்தாள். திட்டவில்லை. வெந்நீர் ஆறிப்போன பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்தாள்.

மறுநாள் காலை பிரிவு அலுவலகத்தில் அவள் தாளை நீட்டினாள். அறையில் உதவிப் பொறியாளரும், மின் ஆய்வாளரும், போர்மேனும் இருந்தார்கள். சுவரோரம் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண், மடியில் லாக் புக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"தம்பி?"

"கூடப்பொறந்தவன் சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கதவில் ஒரு நிழல் விழுந்தது. முட்டைக்காரன். கழுத்தில் மாலை மாதிரி அந்த ஒயர்.

"அந்த நாலாவது வீடு நான்தான் சார்" என்றான். "இதுதான் ஒயர். நானே பண்ணது. அக்கா எழுதலைன்னாலும் வந்திருப்பேன். அக்கா எழுதினதால கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன்."

போர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

ஆய்வாளர் ஒயரை வாங்கி மேஜைமேல் வைத்தார். "எருமையில வர்றவன் கையில ஒரு கயிறு இருக்கும்னு சொல்லுவாங்களே, அதை நான் வருஷத்துக்கு நாலு தடவ பாக்குறேன். இப்படித்தான் இருக்கும்." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீங்க டியூட்டிக்குப் போகலாம்மா. லாக் புக் சரியா எழுதியிருக்கீங்க. நிமிஷம்கூடத் தப்பல."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். டிரைவரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

ஆய்வாளர் அன்றே சந்துக்குப் போய்ப் பார்த்தார். தொடாமல் விட்டிருந்த கம்பி முனைகளையும், சங்கிலி பட்டுக் கருகிய இடத்தையும், அடுப்படி பிளக் பாயின்டையும் போட்டோ எடுத்தார். அறிக்கை யாரையும் விடவில்லை. ஜெனரேட்டரை முறையில்லாமல் மாட்டியதற்கு முட்டைக்காரனுக்கு நோட்டீஸ். சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது ஊர்க் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே விடும் திருப்பு சுவிட்ச், பொருத்திக் காட்டும்வரை அவன் வீட்டுக்கு இணைப்பு இல்லை. நெட்டைக்குக் கையுறைக்காக ஒரு எச்சரிக்கை. போர்மேனுக்கு, இரண்டு பக்கமும் எர்த் செய்யாமல் ஆளை ஏற்றியதற்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கேங்குக்கும் இரண்டு செட் எர்த் ராடு கொடுக்காமல் வேலைக்கு அனுப்பியதற்கு அலுவலகத்துக்கே ஒரு எச்சரிக்கை. உதவிப் பொறியாளர் அந்தத் தாளைத்தான் அதிக சந்தோஷமாகப் படித்தார். "மூணு தடவ கேட்டு எழுதினேன், ராடு வரல. இப்ப நாளைக்கே வந்துடும் பாருங்க" என்றார். மறுநாளே வந்தது.

இணைப்பை வெட்டிய மதியம் இன்னொரு சிக்கல். முட்டைகளுக்கு இருபதாம் நாள். ஊரில் பாதிக்குக் கரண்ட் வந்துவிட்டது, டிரைவரம்மா தெருவிலும் வந்துவிட்டது. தம்பி வீட்டில் மட்டும் இல்லை. பெட்டியைப் பின்சீட்டில் ஏற்றி, கம்பளியால் போர்த்தி, அவள் தன் வீட்டுக்கு வண்டியை எடுத்தாள். கூரைப்பலகைக்கு ஏற்ற வேகம் அன்றுதான் அமைந்தது. ஆமையே ஒதுங்கி வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்திருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தம்பி பின்னால் இருந்து, "அக்கா, அக்கா" என்று முனகினான்.

"பேசாம இரு. உன்னயே கீழ போடாம வளத்தவ நான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாய்வு நாற்காலியில் இருந்த நெட்டை, பெட்டிக்குக் காவல் ஆனான். இரண்டு கையும் கட்டு, வேறு வேலை இல்லை. கண்ணாடி வழியாகச் சூட்டுமானியைப் பார்த்து மணிக்கொரு தடவை சத்தமாகச் சொல்வான். மறுநாள் விடிகாலையில் அவன், "ஏய், இங்க வாங்க, தட்டுது" என்று வீட்டையே எழுப்பினான். ஒரு ஓட்டில் மூக்கு தெரிந்தது. மாலைக்குள் பெட்டி முழுக்கக் கீச்சுக் கீச்சு. நூற்றுத் தொண்ணூற்றாறு குஞ்சுகள். தம்பி ஒன்றை எடுத்து மாமாவின் கட்டின்மேல் வைத்தான். அது அங்கேயே அசிங்கம் பண்ணியது.

"கட்டு மாத்தற நர்ஸ்கிட்ட நீதான் பதில் சொல்லணும்" என்றான் நெட்டை.

"நான் என்ன பண்ணாலும் உங்க கைக்குத்தானா வரணும் மாமா" என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நெட்டை.

ஆறு வாரத்தில் உள்ளங்கையில் புதுத்தோல் வந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுசாக மடங்கவில்லை, பயிற்சியில் சரியாகும் என்றார்கள். தரையில் செய்யும் வேலைக்கு மட்டும் சேரலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தாள். தம்பி வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் புது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டியாகிவிட்டது. ஆய்வாளர் வந்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இணைப்பைத் திரும்பக் கொடுக்க வந்தது போர்மேனும் நெட்டையும். டிரைவரம்மாவும் வேடிக்கை பார்க்க வந்தாள்.

இரண்டு பக்கமும் எர்த் ராடு தொங்கியது. போர்மேன் இரண்டு கையுறையையும் கீழே நின்ற எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் ஏறினார். நெட்டை தரையில் நின்று, ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டான். வேலை முடிந்து, ராடுகளைக் கழற்றி எண்ணிப் பார்த்து, அவன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டான்.

"ஆப்பரேட்டரம்மா, நெட்டை பேசுறேன். ஆள் எல்லாம் இறங்கியாச்சு, ராடு எல்லாம் எடுத்தாச்சு. லைன் கிளியர் ரிட்டர்ன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அவன் முகம் மலர்ந்தது. நம்பரையும் நேரத்தையும் திருப்பிச் சொன்னான்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றாள் டிரைவரம்மா.

"உங்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கணுமாம். வர்ற திங்கக்கிழமைலேருந்து."

உள்ளே அடுப்படியில் விளக்கு எரிந்தது. தம்பி எட்டிப் பார்த்து, "வந்துடுச்சு அக்கா" என்றான்.